சாப்பாட்டு மேசையிலிருந்து மெஷினை இறக்குங்கள்

சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பிளவுஸ் துணிகள் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கிவிடும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பெண்கள் பலர் அந்தச் சமயத்தில்தான் தையலைத் தொழிலாக எடுத்துக்கொள்கிறார்கள். தைக்கத் தெரியும், மெஷினும் இருக்கிறது, நாலு பேர் கேட்கவும் செய்கிறார்கள். மெஷினை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். முதல் தீபாவளிக்கு மூன்றாவது வாரம் தலை வார வலது கையைத் தூக்க முடியவில்லை. மெஷின்தான் கனமாக ஓடுகிறது என்று நினைத்துப் புது மெஷின் வாங்கினேன். வலி போகவில்லை. அடுத்த வருடம்தான் இஞ்ச் டேப்பை எடுத்து என்னையே அளந்தேன். வாடிக்கையாளரின் மார்பளவு, கை நீளம் எல்லாம் அரை இஞ்சு பிசகாமல் எடுக்கிற நாம், நாள் முழுக்க உட்காரும் இடத்தை ஒரு தடவைகூட அளப்பதில்லை.

முதலில் உங்களை அளங்கள்

மூன்று அளவு போதும். கூட யாராவது இருந்தால் நல்லது. தானே அளந்தால் குனிந்துவிடுவோம், அளவு தப்பாகும்.

கெட்டியான ஸ்டூலில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர விட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்குங்கள். உட்காரும் பலகையிலிருந்து முழங்கையின் அடிவரை எவ்வளவு என்று பாருங்கள். அது முதல் அளவு. காலைத் தரையில் பதித்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்தால் இரண்டாவது. தொடையின் மேல் ஓர் அட்டையைப் படுக்கை வசமாக வைத்து, பலகையிலிருந்து அட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் மூன்றாவது. மூன்றையும் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். தச்சரிடம் போகும்போது தேவைப்படும்.

இனி மெஷினுக்கு வருவோம். மேசையின் உயரம் வேறு, தைக்கும் உயரம் வேறு. ஊசி குத்துகிற தட்டின் உயரம்தான் தைக்கும் உயரம். மேசைமேல் தூக்கி வைக்கிற வீட்டு மெஷினில் அந்தத் தட்டு மேசையைவிட ஏறக்குறைய 7 செ.மீ. மேலே இருக்கும். பாட்டி காலத்துக் கால் மிதி மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் மெஷினே மேசைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும், தட்டும் பலகையும் ஒரே மட்டம். பழைய ஆட்கள் எட்டு மணி நேரம் மிதித்தும் தோள் வலி என்று அதிகம் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்தத் தட்டு உங்கள் முழங்கையைவிட 3 முதல் 5 செ.மீ. மேலே இருந்தால் சரி. முழங்கைக்குச் சமமாக வைத்தால் என்ன என்று கேட்பார்கள். எழுதுகிற வேலைக்கு அது சரிதான். தையலில் கண் ஊசி முனையை விட்டு நகராது. தட்டு தாழ்ந்து போனால் கழுத்து தானாகக் குனிந்துவிடும். மிக உயர்ந்தால் தோள் காதுப் பக்கம் ஏறி நிற்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சமாதானம்தான் இந்த 3 முதல் 5 செ.மீ.

கடைசி வீட்டு அக்காவின் கணக்கு

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா ஐந்தடி உயரம், அதாவது 152 செ.மீ. பலகையிலிருந்து முழங்கை 22, முழங்கால் மடிப்பு 38, தொடை கனம் 13. அவருடைய சாப்பாட்டு மேசை 75 செ.மீ. உயரம். மெஷின் தட்டின் 7 செ.மீ. சேர்ந்தால் தைக்கும் உயரம் 82. பிளாஸ்டிக் நாற்காலி 43. அதில் உட்கார்ந்தால் முழங்கை 65இல் இருக்கும். ஆக, தட்டு முழங்கையைவிட 17 செ.மீ. மேலே. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பதினேழையும் அவர் தோள்தான் தூக்கிக்கொண்டிருந்தது.

“நாற்காலியில தலகாணி போட்டுக்கட்டுமா?” என்றார். போடலாம், ஆனால் எவ்வளவு தூரம்? சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுற்றிலும் ஒரு சட்டம் ஓடும். அவருடைய மேசையில் அந்தச் சட்டத்தின் அடி தரையிலிருந்து 65 செ.மீ.தான். தொடை 13 போனால் இருக்கை 52க்கு மேல் போக முடியாது. அந்த 52இலேயே தொடை சட்டத்தில் உரசும், காலை நகர்த்தக் கொஞ்சம் இடம் விட்டால் 50தான். 50இல் உட்கார்ந்தால் முழங்கை 72. தட்டு இன்னும் 10 செ.மீ. மேலேயே நிற்கிறது.

“அப்ப மேசைக் காலை அறுத்துடுவோமா?”

“அறுத்தாலும் பத்தாதுக்கா.”

காலில் 7 செ.மீ. அறுத்தால் தட்டு 75க்கு இறங்கும். சட்டமும் கூடவே 58க்கு இறங்கிவிடும். தொடை உரசினாலும் பரவாயில்லை என்று வைத்தால்கூட இருக்கையை 45க்குத் தாழ்த்த வேண்டியிருக்கும், முழங்கை 67க்குப் போகும். மறுபடி 8 செ.மீ. இடிக்கிறது. மேசையின் உயரத்தைவிட அந்தச் சட்டம்தான் வில்லன் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

அதனால் சட்டமில்லாத மேசை செய்தோம். 18 மி.மீ. பிளைவுட் பலகை, நாலு மூலையிலும் இரும்புக் கால், பின்பக்கம் மட்டும் ஒரு குறுக்குக் கம்பி. முன்பக்கம் கம்பி வைத்தால் முழங்கால் இடிக்கும், அதைத் தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேசை உயரம் 68. பலகையின் கனம் போக அடியில் 66. இருக்கை 50 என்றால் தொடையின் மேல்பக்கம் 63இல் நிற்கும், அசைய 3 செ.மீ. மிச்சம். முழங்கை 72, மெஷின் தட்டு 75. வித்தியாசம் 3. உட்கார்ந்து ஒரு பிளவுஸ் கையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “தோளு எங்க போச்சுன்னே தெரியல” என்றார் அக்கா.

கால் மட்டும் இப்போது அந்தரத்தில் தொங்கும். இருக்கை 50, முழங்கால் மடிப்பு 38, இடைவெளி 12. இடது காலுக்கு 12 செ.மீ. உயரத்தில் ஒரு பலகைப் படி. வலது காலுக்கு 8 செ.மீ. படி போதும், ஏனென்றால் அதன்மேல் வைக்கிற பெடலே 4 செ.மீ. கனம் இருக்கும். இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பெடல் மேலேயும் மற்றக் கால் தரையிலுமாக இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். படியின் மேல் ரப்பர் விரிப்பை ஒட்டிவிடுங்கள். வழுக்கிப் பின்னால் ஓடுகிற பெடலைத் துரத்திக்கொண்டே தைப்பவர்கள் இருக்கிறார்கள். கால் நீள நீள உடம்பு நாற்காலி நுனிக்கு வந்துவிடும், முதுகுச் சாய்மானம் இருந்தும் பிரயோசனமில்லை.

உங்கள் உயரம் வேறு என்றால் இதே வரிசையில் கணக்குப் போடுங்கள். இருக்கையோடு முழங்கை அளவைக் கூட்டி, அதோடு 3 முதல் 5 சேர்த்தால் தட்டின் உயரம். அதில் மெஷினின் 7ஐக் கழித்தால் மேசை. கடைசியாகத் தொடை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய ஹைஸ்பீடு மெஷின் வாங்குபவர்களுக்கு மேசை வேலை குறைவு. அதன் மேசைக் காலில் போல்ட்டைத் தளர்த்தினால் உயரம் ஏறும், இறங்கும். கடையில் பொருத்திக் கொடுத்த உயரத்திலேயே பல வருடம் தைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த போல்ட் எதற்கு என்று கேட்டதே இல்லையாம்.

நாற்காலி விஷயத்தில் ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி சொகுசாகத்தான் இருக்கும், ஆனால் டைல் தரையில் பெடலை அழுத்தும்போதெல்லாம் பின்னால் நகரும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வைக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். பின்பாதிக்கு மட்டும் மடித்த போர்வை வைத்துச் சமப்படுத்தினால் முதுகு தானாக நிமிரும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டாம், தைக்கும்போது முழங்கை தட்டும்.

ஊசிக்கு நேரே உட்காருங்கள்

நாற்காலியை மெஷினின் நடுவில் போடுவதுதான் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் ஊசி இருப்பது மெஷினின் இடது பக்கம். நடுவில் உட்கார்ந்தால் நாள் முழுக்க இடது பக்கம் திரும்பியே தைப்போம். மூக்கு, தாலிக்கொடி, ஊசி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நாற்காலியை நகர்த்துங்கள். பெடலும் அதே கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக வரட்டும்.

வயிற்றுக்கும் ஊசிக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மெஷினைச் சுவரோரம் தள்ளி வைத்தால் அதைத் தேடி உடம்பு முன்னால் போகும். மெஷினின் பின்பக்க அடியில் இரண்டு ரப்பர் கதவு முட்டுகளைச் செருகி 2 செ.மீ. போலத் தூக்கிப் பாருங்கள். தட்டு நம் பக்கம் லேசாகச் சாயும், ஊசியைப் பார்க்க அவ்வளவு குனிய வேண்டாம். மெஷின் ஆடினால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

மேசைமேல் வைத்த மெஷினில் இன்னொரு குறை உண்டு. துணி 7 செ.மீ. பள்ளத்தில் விழுந்து இழுக்கும், அந்தப் பாரத்தை இடது கைதான் தாங்கும். பஞ்சாபி சூட்டோ பாஜு கூரோங்கோ தைக்கும்போது இது நன்றாகத் தெரியும். தட்டின் உயரத்துக்கே ஒரு பலகைப் பெட்டி செய்து மெஷினின் இடது பக்கம் ஒட்டி வைத்தால் துணி அதன்மேல் படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் பாபின்கூடப் போட்டு வைக்கலாம்.

வெட்டுவதற்குச் சாப்பாட்டு மேசை

மெஷினுக்கு ஆகாத அந்தச் சாப்பாட்டு மேசை வெட்டுவதற்கு ஆகும், உயர்த்தினால். நின்றுகொண்டு கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ அதற்கு 5 முதல் 8 செ.மீ. கீழே வெட்டும் பலகை இருக்க வேண்டும். அக்காவுக்கு நிற்கும்போது முழங்கை 95, மேசையை 88க்கு உயர்த்தினோம். நாலு காலுக்கும் 13 செ.மீ. உயர மரக்கட்டை. கட்டையின் தலையில் கால் உட்காருகிற மாதிரி குழி வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒருநாள் மேசை வழுக்கி இறங்கும். சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டையை எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். இப்போது அவர்கள் வீட்டில் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

தரையில் விரித்து வெட்டுவது நமக்கெல்லாம் பழகியதுதான். ஒன்றிரண்டு பிளவுஸ் என்றால் பரவாயில்லை. ஒரே நாளில் பத்து லைனிங் வெட்டுகிற காலத்தில் குந்தி உட்காருவதை விட்டுவிடுங்கள்.

வெளிச்சம்

தாமான் வரிசை வீட்டில் வெளிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும்தான், நடு அறை பகலிலேயே இருட்டு. மெஷினை முன் ஹாலில், ஜன்னல் உங்கள் இடது பக்கம் வரும்படி போடுங்கள். மெஷினின் தலைப்பகுதி ஊசிக்கு வலப்பக்கம் சுவர் மாதிரி நிற்கிறது. வலப்பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் அதில் தடைபட்டு, தைக்கிற இடத்திலேயே நிழல் விழும். ஜன்னல் நேர் எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே துணிமேல் படுக்கும்.

இரவுக்கு, வளைகிற கழுத்துள்ள எல்.இ.டி. மேசை விளக்கு ஒன்றை ஊசிக்கு இடது முன்பக்கம் வையுங்கள். பல்ப் கண்ணுக்குத் தெரியாமல் துணி மட்டும் தெரிகிற உயரத்தில் இருக்கட்டும். போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஒரு கோடு தைத்து, குனியாமல் தையலை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியவில்லையென்றால் வெளிச்சம் போதாது, அல்லது கண்ணாடி மாற்ற வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டையும் பார்ப்பது நல்லது.

சீலிங் ஃபேன் ஒரு வம்பு. விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கை நிழல் துணிமேல் வெட்டி வெட்டி ஓடும். ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும், காரணம் தெரியாது. ஃபேனை நிறுத்தினால் நம் ஊர் புழுக்கத்தில் உட்கார முடியாது, வியர்வை பட்டுத் துணியில் சொட்டும். ஸ்டாண்டு ஃபேனைக் கால் பக்கமாக வைப்பதுதான் வழி. வெட்டி வைத்த காகித அளவுகளும் பறக்காது.

நூல் நிறம் பார்ப்பதை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் செய்யாதீர்கள். மஞ்சள் பல்ப் எரிந்த அறையில் மெரூன் பட்டுக்குப் பொருத்தமாக நூல் எடுத்து ஒரு பிளவுஸை முடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா வாசலில் வெயிலில் பிரித்துப் பார்த்தார். கைக்குழி ஓரமெல்லாம் செங்கல் நிறத்தில் கோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் வரவில்லை. இப்போது நூல்கட்டையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோர்க்கிறேன். இரவில் வந்த துணிக்கு நூல் காலையில்தான்.

அயர்ன் பெட்டியைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். மெஷின், விளக்கு, ஃபேன் எல்லாம் தொங்குகிற எக்ஸ்டென்ஷன் ஒயரில் அயர்னையும் சேர்த்தால் ஒயர் சூடேறும்.

துணி வைக்கிற இடம்

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு துணிப்பை. சேலையிலிருந்து வெட்டிய பிளவுஸ் துண்டு, லைனிங், கொக்கி, அளவுச் சீட்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். சுவரில் ஒரு கம்பி அடித்து, கொடுக்க வேண்டிய தேதி வரிசையில் பைகளைத் தொங்கவிட்டால் எது அவசரம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். கம்பி தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம். தினமும் தொடுகிற பொருள் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது மேலே போகட்டும்.

பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைப்பது நம் ஈரக் காற்றுக்கு ஆகாது. மழை மாதங்களில் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பூக்கும், ஜரிகை கறுத்துப்போகும். பழைய வெள்ளைப் பெட்ஷீட்டை வெட்டிப் பை தைத்துக்கொள்ளுங்கள். பூச்சி உருண்டை ஜரிகைமேல் படக்கூடாது, துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு அலமாரி போடாதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஊசியும் குண்டூசியும் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி வைத்தால் அந்தத் துணிக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

உட்கார்ந்தே இருக்காமல் இருக்க

மேசை எவ்வளவு சரியாக இருந்தாலும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் உடம்பு கேட்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்று சொன்னால் தீபாவளி நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். அதனால் வேலையே எழுப்புகிற மாதிரி வையுங்கள். அயர்ன் மேசையைக் கை எட்டும் தூரத்தில் வைக்காமல் அறையின் அந்தக் கோடியில் போடுங்கள், ஒவ்வொரு தையலையும் அழுத்த எழுந்தே ஆக வேண்டும். நூல் சுற்றிய பாபினைப் பத்துப் பதினைந்தாக மெஷின் பக்கத்தில் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று தீர்ந்தால் எழுந்து போய் எடுங்கள்.

காலையில் வெட்டு, நடுவில் மெஷின், மதியம் கொக்கியும் ஹெம்மிங்கும் என்று பிரித்துக்கொண்டால் ஒரே தசை நாள் முழுக்க உழைக்காது. ஹெம்மிங் செய்யும்போது மடியில் ஒரு தலையணை வைத்து, துணியைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணைத் துணிக்குக் கொண்டு போனால் கழுத்து போய்விடும்.

இப்படி எல்லாம் அமைத்து ஒரு வாரம் தைத்தபின் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று அந்த இடமே சொல்லும். தோளின் மேல்புறம் இறுகினால் தட்டு இன்னும் உயரமாக இருக்கிறது. பிடரி வலித்தால் தட்டு தாழ்ந்திருக்கிறது அல்லது வெளிச்சம் போதவில்லை. இடுப்பு ஒரு பக்கம் மட்டும் வலித்தால் காலடிப் படிகளை அளங்கள். முதுகின் அடிப்பகுதி என்றால் பெடல் தள்ளி இருக்கிறது. கட்டை விரல் அடியில் வலித்தால் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுங்கள். இரவில் கை மரத்து, விரலை உதறிக்கொண்டு எழுகிற நிலை வந்துவிட்டால் மேசையைத் திருத்துவது மட்டும் போதாது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், போய்க் காட்டுங்கள். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.